பலகோணங்களுக்கு நடுவே π: 6 பக்கத்திலிருந்து 96 பக்கம் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டத்துக்கு உள்ளே ஒரு பலகோணம், வெளியே ஒரு பலகோணம் எதற்கு? ஒன்று போதாதா?

மதிப்பு மட்டும் வேண்டுமானால் ஒன்றே போதும். ஆனால் அந்த மதிப்பில் எத்தனை இலக்கம் சரி என்று சொல்ல ஒன்றால் முடியாது. விட்டம் 1 உள்ள வட்டத்துக்கு உள்ளே வரைந்த 96 பக்கப் பலகோணத்தின் சுற்றளவு 3.14103 என்று வருகிறது. π இதைவிடப் பெரியது என்பது உறுதி. எவ்வளவு பெரியது? உள் பலகோணம் அதைச் சொல்லாது. வெளியே வரைந்த 96 பக்கப் பலகோணம் 3.14271 என்று தந்த பிறகுதான் π இந்த இரண்டுக்கும் நடுவே சிக்குகிறது. இரண்டிலும் பொதுவாக வரும் 3.14 அப்போதுதான் சந்தேகமில்லாத இலக்கமாகிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் செய்தது இதைத்தான். அவர் π-க்கு மதிப்புச் சொல்லவில்லை, வேலி கட்டினார். கி.பி. 263-இல் சீனாவின் லியூ ஹுய் உள் பலகோணங்களை மட்டுமே வைத்து வேலை செய்தவர். அவர்கூட மேல் எல்லை இல்லாமல் விடவில்லை. பக்கங்களை இரட்டிப்பாக்கும்போது பரப்பளவு எவ்வளவு கூடியதோ, அதே அளவை இன்னொரு முறை கூட்டினால் வட்டத்தைத் தாண்டிவிடும் என்று கண்டு, அதை மேல் எல்லையாக வைத்தார்.

இந்தப் பக்கம் முழுக்க வட்டத்தின் விட்டத்தை 1 என்றே வைத்துக்கொள்கிறோம். அப்போது வட்டத்தின் சுற்றளவுதான் π. பலகோணத்தின் சுற்றளவை எதாலும் வகுக்காமல் நேரடியாக ஒப்பிடலாம்.

எல்லோரும் அறுகோணத்தில் தொடங்குகிறார்களே, ஏன்? சதுரத்தில் தொடங்கினால் தப்பா?

தப்பில்லை. சதுரம் 2.8284, 4 என்று தொடங்கும்; எண்கோணம் 3.0615, 3.3137 தரும், அப்படியே 16, 32 என்று போகலாம். அறுகோணத்தின் வசதி வேறு. உள் அறுகோணத்தின் பக்கம் ஆரத்துக்குச் சமம். ஆரம் ½ என்றால் சுற்றளவு சரியாக 3, கணக்கே இல்லை. வெளி அறுகோணத்தின் சுற்றளவு 2√3, அதாவது 3.4641. தொடக்கத்தில் √3 ஒன்றைத் தவிர வேறு எதையும் தோராயப்படுத்த வேண்டியதில்லை. ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்ற வரிசை இப்படித்தான் வந்தது. 96-க்குத் தனிச் சிறப்பு எதுவுமில்லை. ஆறை நான்கு முறை இரட்டித்தால் அங்கே வந்து நிற்கும்.

ஒவ்வொரு முறையும் புதுப் படம் வரைந்து பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமா? குறுக்குவழி இருக்கிறதா?

ஒரே படம் போதும், அதுவும் ஒரு செங்கோண முக்கோணம்தான். வட்டத்தின் மையம் O. வட்டத்தின் மேல் ஒரு புள்ளி A. அங்கே ஒரு தொடுகோடு. தொடுகோட்டில் C என்ற புள்ளியை, AOC கோணம் 30° ஆகும்படி குறியுங்கள். AC என்பது வெளி அறுகோணத்தின் அரைப் பக்கம். இரண்டு விகிதங்களை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்:

a = OA / AC
b = OC / AC

30° முக்கோணத்தில் a = √3, b = 2.

இப்போது AOC கோணத்தை இரண்டாகப் பிளக்கும் கோடு AC-ஐ D-இல் வெட்டட்டும். AOD கோணம் 15°, ஆகவே AD என்பது வெளிப் பன்னிருகோணத்தின் அரைப் பக்கம். கோண இருசமவெட்டித் தேற்றப்படி AD : DC = OA : OC. இதிலிருந்து OA / AD = (OA + OC) / AC என்று வரும். அதாவது புதிய a என்பது பழைய a, b இரண்டின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். புதிய b-க்குப் பிதாகரஸ் தேற்றம்: a-இன் வர்க்கத்தோடு 1 கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்.

n பக்கம் உள்ள வெளிப் பலகோணத்தின் சுற்றளவு n / a. உள் பலகோணத்தின் சுற்றளவு n / b. ஒரு கூட்டல், ஒரு வர்க்கமூலம், இரண்டு வகுத்தல். எத்தனை முறை இரட்டித்தாலும் வேலை இவ்வளவுதான். ஆர்க்கிமிடீஸ் எழுதிய கணக்கின் எலும்புக்கூடும் இதுவே. அவர் a, b என்று எழுதாமல் விகிதங்களாக எழுதினார்.

எண்களைப் போட்டு ஒரு முறை முழுதாகக் காட்ட முடியுமா?

ஆறு தசம இடம் வைத்துப் போடுவோம்.

6 பக்கம்: a = 1.732051, b = 2.

12 பக்கம்: a = 1.732051 + 2 = 3.732051. இதன் வர்க்கத்தோடு 1 கூட்டி மூலம் எடுத்தால் b = 3.863703. உள் சுற்றளவு 12 / 3.863703 = 3.105829, வெளி 12 / 3.732051 = 3.215390.

24 பக்கம்: a = 3.732051 + 3.863703 = 7.595754, b = 7.661298.

48 பக்கம்: a = 15.257052, b = 15.289788.

96 பக்கம்: a = 30.546840, b = 30.563204.

| பக்கங்கள் | உள் சுற்றளவு | வெளிச் சுற்றளவு |
|---|---|---|
| 6 | 3.000000 | 3.464102 |
| 12 | 3.105829 | 3.215390 |
| 24 | 3.132629 | 3.159660 |
| 48 | 3.139350 | 3.146086 |
| 96 | 3.141032 | 3.142715 |
| 192 | 3.141452 | 3.141873 |
| 384 | 3.141558 | 3.141663 |

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள் உண்டு. உள் நிரல் ஏறிக்கொண்டே போக வேண்டும், வெளி நிரல் இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு இடத்தில்கூடத் திரும்பக் கூடாது. இன்னொன்று, இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு வரியிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகச் சுருங்க வேண்டும். 24-இல் 0.0270, 48-இல் 0.0067, 96-இல் 0.0017. இந்த வேகம் எங்காவது தடுமாறினால் அந்த வரியிலோ அதற்கு முந்தைய வரியிலோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

சராசரி சூத்திரத்தில் போட்டேன். பன்னிரண்டு பக்கத்துக்கு உள் சுற்றளவு 3.22 என்று π-ஐத் தாண்டிவிட்டது. எங்கே தப்பு?

நீங்கள் பயன்படுத்தியது இதே முறையின் இன்னொரு வடிவம். உள் சுற்றளவு p, வெளிச் சுற்றளவு P என்றால், புதிய P என்பது பழைய இரண்டின் இசைச் சராசரி. புதிய p என்பது பழைய p-க்கும் *புதிய* P-க்கும் பெருக்குச் சராசரி.

P₂ = 2pP / (p + P)
p₂ = √(p × P₂)

இரண்டாம் வரியில் பழைய P-ஐப் போட்டுவிட்டால் √(3 × 3.464102) = 3.2237 வரும். உங்களுக்கு வந்தது அதுதான். புதிய P-ஐப் போட்டால் √(3 × 3.215390) = 3.105829; பட்டியலோடு ஒத்துப்போகும். நிரல் எழுதும்போது இரண்டையும் ஒரே வரியில் ஒரே சமயத்தில் மாற்றினாலும் இதே கதைதான்: பழைய P உள்ளே போய்விடும். முதலில் P, பிறகு p என்று தனித்தனி வரிகளில் எழுதுங்கள்.

இன்னொரு பொதுவான தடுமாற்றம், p-ஐ விட்டம் 1 என்றும் P-ஐ ஆரம் 1 என்றும் வைத்துக் கலந்துவிடுவது. அப்படியானால் தொடக்கத்திலேயே 3, 6.93 என்று வரும். வெளிச் சுற்றளவு உள் சுற்றளவின் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் ஆர்க்கிமிடீஸ் எப்படி வர்க்கமூலம் எடுத்தார்? தோராயம் என்றால் எல்லை தவறாகிவிடாதா?

இந்தக் கணக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அவர் தோராயப்படுத்தினார், ஆனால் எப்போதும் தனக்குப் பாதகமான பக்கமாக.

வெளிப் பலகோணத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு n / a. π-க்கு மேல் எல்லை வேண்டும் என்றால் விடை பெரிதாகப் போனால் பரவாயில்லை, சிறிதாகப் போகக் கூடாது. ஆகவே வகுக்கும் எண்ணான a-ஐக் குறைத்தே எழுத வேண்டும். √3-க்கு அவர் எடுத்தது 265/153. சோதித்துப் பாருங்கள்: 265-இன் வர்க்கம் 70225, 153-இன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் 70227. இரண்டு மட்டும் குறைவு. இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சரிபார்க்க இந்த ஒரு பெருக்கலே போதும்.

கீழ் எண் 153-ஐ அப்படியே வைத்துக்கொண்டு மேல் எண்களை மட்டும் பார்ப்போம். a = 265, b = 306.

12 பக்கம்: a = 265 + 306 = 571. b-க்கு 571-இன் வர்க்கமும் 153-இன் வர்க்கமும் கூட்டினால் 349450. இதன் மூலம் 591.14 சொச்சம், அவர் எடுத்தது 591⅛. சற்றே குறைவு.

24 பக்கம்: a = 571 + 591⅛ = 1162⅛. மூலம் 1172.15 சொச்சம், எடுத்தது 1172⅛. மறுபடியும் குறைவு.

48 பக்கம்: a = 2334¼. மூலம் 2339.26-க்குப் பக்கத்தில்; எடுத்தது 2339¼.

96 பக்கம்: a = 4673½. இங்கே மூலமே தேவையில்லை, வெளிப் பலகோணத்துக்கு a போதும்.

சுற்றளவு 96 × 153 / 4673½ = 14688 / 4673½. வகுத்தால் 3 போக மீதி 667½. அந்த 667½-ஐ ஏழால் பெருக்கினால் 4672½. 4673½-க்குச் சரியாக ஒன்று குறைவு. ஆகவே மீதிப் பின்னம் ஏழில் ஒன்றைவிடச் சிறியது, π என்பது 3 1/7-ஐவிடச் சிறியது. முடிந்தது.

உள் பலகோணத்துக்கு எல்லாம் தலைகீழ். சுற்றளவு n / b. கீழ் எல்லை வேண்டும். எனவே b-ஐக் கூட்டியே எழுத வேண்டும். √3-க்கு இம்முறை 1351/780: 1351-இன் வர்க்கம் 1825201, 780-இன் வர்க்கத்தின் மூன்று மடங்கு 1825200. ஒன்று மட்டும் அதிகம். இங்கே கீழ் எண் 780, 12 பக்கத்துக்கு a = 1351 + 1560 = 2911. மூலங்களும் மேல்நோக்கி: 3013.69 வந்த இடத்தில் 3013¾ என்று எடுத்தார். கடைசியில் 66 × 96 / 2017¼, அதாவது 6336 / 2017¼. இது 3 10/71-ஐவிடப் பெரியது.

நடுவில் ஒரு கைத்திறன் ஒளிந்திருக்கிறது. 2911-உம் 3013¾-உம் சேர்ந்து 5924¾ : 780 என்ற விகிதம் ஆகும். இது மிச்சமில்லாமல் 1823 : 240 என்று சுருங்கிவிடுகிறது. அடுத்த படியிலும் 3661 9/11 : 240 என்பது 1007 : 66 ஆகிறது. பதினொன்றில் ஒன்பது என்ற விசித்திரமான பின்னம் எங்கிருந்து வந்தது என்று குழம்புகிறவர்கள் இந்தச் சுருக்கத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த பெருக்கல்கள் சிறிதாகும்படி பார்த்துப் பொறுக்கிய பின்னம் போலவே இருக்கிறது.

நீங்கள் கையால் போடும்போதும் இதே விதிதான். மேல் எல்லைக்கான a வரிசையில் கடைசி இலக்கத்தைக் கீழ்நோக்கி வெட்டுங்கள்; கீழ் எல்லைக்கான b வரிசையில் மேல்நோக்கி ஏற்றுங்கள். அதனால் இரண்டு எல்லைகளுக்கும் இரண்டு தனி ஓட்டங்கள் தேவை. "5-க்கு மேல் என்றால் ஏற்று" என்ற பள்ளிக்கூட வழக்கம் மதிப்புக்குச் சரி, எல்லைக்கு உதவாது.

அப்படியானால் 22/7 என்பது ஆர்க்கிமிடீஸ் சொன்ன π தானே?

இல்லை. அவர் சொன்னது π இதைவிடக் குறைவு என்பது. 22/7 = 3.142857, மேலே வந்த 14688 / 4673½ என்பது 3.142827, 96 பக்க வெளிப் பலகோணத்தின் உண்மையான சுற்றளவு 3.142715. π 3.141593. ஒவ்வொரு படியிலும் சற்றே விட்டுக்கொடுத்து, நினைவில் நிற்கும் எளிய பின்னமாக முடித்திருக்கிறார். கீழ் எல்லை 3 10/71 = 3.140845.

வட்டத்துக்கு வெளியே இருக்கும் கோடு வட்டத்தைவிட நீளம் என்பதை எப்படி நம்புவது? படிக்கட்டுப் போல வெட்டிக்கொண்டே போனால் π = 4 என்று வருகிறதே?

நல்ல சந்தேகம். உள்ளே இருப்பதற்குப் பிரச்சினையில்லை: நாண் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோடு, வில்லைவிடக் குட்டைதான். வெளியே இருப்பது அப்படித் தானாகத் தெரியாது. வெளியே இருப்பதாலேயே ஒரு கோடு நீளமாகிவிடாது. ஒரு பெட்டிக்குள் கோணல்மாணலாகப் போட்ட கோடு பெட்டியின் சுற்றளவைவிட நீளமாக இருக்கலாம். ஆகவே ஆர்க்கிமிடீஸ் கோளமும் உருளையும் பற்றிய தன் நூலில் இதை ஓர் அடிப்படைக் கோட்பாடாகவே எழுதி வைத்தார்: ஒரே முனைப்புள்ளிகளுக்கு நடுவே, ஒரே பக்கமாக வளைந்த இரண்டு கோடுகளில் ஒன்று மற்றொன்றைச் சூழ்ந்திருந்தால், சூழ்ந்திருப்பதே நீளம்.

படிக்கட்டு ஏமாற்று வேலையில் சதுரத்தின் மூலைகளை உள்பக்கமாக மடித்துக்கொண்டே போகிறார்கள். சுற்றளவு 4-இலிருந்து அசைவதே இல்லை. π < 4 என்பது உண்மைதான், அதில் பொய்யில்லை. பொய் எங்கே என்றால், "படிக்கட்டு வட்டத்தோடு ஒட்டிவிட்டது, ஆகவே நீளமும் ஒன்றே" என்று தாவுவதில். ஒழுங்குப் பலகோணத்தின் பக்கங்கள் வட்டத்தைத் தொட்டு, அதன் திசையிலேயே போகின்றன. படிக்கட்டின் கோடுகள் எவ்வளவு சிறிதானாலும் குறுக்கும் நெடுக்குமாகவே போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் முறையில் உள்ளிருந்து இன்னொரு வேலி ஏறி வந்து இடைவெளியை மூடுகிறது. படிக்கட்டுக்கு அப்படி ஒரு ஜோடி கிடையாது.

96 × sin(180/96) என்று கால்குலேட்டரில் தட்டினால் ஒரு நொடியில் வந்துவிடுகிறதே. இவ்வளவு பாடு எதற்கு?

சரிபார்க்கத் தாராளமாகத் தட்டுங்கள். ஆனால் π-ஐக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாகையில் கொடுத்த கோணத்தை sin பொத்தான் முதலில் π/180 என்ற காரணியால் மாற்றிக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. ஏற்கெனவே உள்ளே இருந்த π-யே சுற்றி வெளியே வருகிறது. a, b முறையில் கோணமே உள்ளே நுழைவதில்லை. கூட்டலும் வர்க்கமூலமும் மட்டும்.

தட்டும்போது 3.141032 வராமல் 91.6 அளவில் வந்தால் கால்குலேட்டர் RAD நிலையில் இருக்கிறது, 2.827 வந்தால் GRA நிலையில் இருக்கிறது. DEG-க்கு மாற்றுங்கள்.

பக்க நீளச் சூத்திரத்தை வைத்து நிரல் எழுதினேன். முதலில் நன்றாக நெருங்கி வந்தது, பிறகு கெட்டுப்போய்க் கடைசியில் 0 என்று வருகிறது. ஏன்?

ஆரம் 1 உள்ள வட்டத்தில் பக்கம் s என்றால் அடுத்த பக்கம் √(2 − √(4 − s²)). பல பாடநூல்களில் இருக்கும் சூத்திரம், கணிதப்படி சரியானது. ஆனால் s சிறிதாகச் சிறிதாக உள் மூலம் 2-க்கு மிக அருகில் போய்விடுகிறது. கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால் முன் இலக்கங்கள் எல்லாம் அடிபட்டு, வால் பகுதியில் இருந்த தோராயப் பிழை மட்டும் மிஞ்சும்.

ஆறு தசம இடத்தில் கண்ணால் பார்க்கலாம். 96 பக்கத்தில் s = 0.065438. இதன் வர்க்கம் 0.004282. நான்கிலிருந்து கழித்து மூலம் எடுத்தால் 1.998929. இரண்டிலிருந்து கழித்தால் 0.001071. ஏழு இலக்க எண்ணில் நான்கு இலக்கம்தான் மிஞ்சியது. மூலம் எடுத்து 96-ஆல் பெருக்கினால் (192 பக்கத்தின் பாதிச் சுற்றளவு) 3.14171. உள் பலகோணம் π-ஐத் தாண்டிவிட்டது! இது நடக்கவே முடியாத விஷயம். வந்தாலே கழித்தலில் கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். கணினியில் 16 இலக்கம் இருப்பதால் இந்தக் கோளாறு தாமதமாக வருகிறது, வராமல் இருப்பதில்லை. இருபத்தைந்து முறை சொச்சம் இரட்டித்த பிறகு உள் மூலம் சரியாக 2 என்றே பதிவாகிவிடும்; 2 − 2 = 0.

மருந்து எளிது. கழித்தலைக் கூட்டலாக மாற்றுங்கள்: அடுத்த பக்கம் = s / √(2 + √(4 − s²)). இரண்டும் ஒரே மதிப்புதான்; இதில் இழப்பு இல்லை. அல்லது a, b முறைக்கே வந்துவிடுங்கள், அதில் தொடக்கத்திலிருந்தே கூட்டல் மட்டும்தான்:

```python
from math import sqrt

n, a, b = 6, sqrt(3), 2.0
while n <= 768:
    print(n, n/b, n/a)
    a = a + b
    b = sqrt(a*a + 1)
    n = 2*n
```

768-க்குப் பதில் பெரிய எண்ணைக் கொடுத்தாலும் இது கெடாது. சில நூறு மில்லியன் பக்கங்களைத் தாண்டினால் a*a-வோடு கூட்டும் 1 பதிவாகாமல் போய், உள்ளும் வெளியும் ஒரே எண்ணைக் காட்டும். அதற்கு மேல் ஓட்டுவதில் பயனில்லை. அங்கே இரண்டும் ஒன்றாகிவிட்டதால் π கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இலக்கம் தீர்ந்துவிட்டது, அவ்வளவே.

தாளில் வரைந்து அளந்தே மாணவர்களுக்குக் காட்ட முடியாதா?

பன்னிரண்டு பக்கம் வரை காட்டலாம். 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, அதே அளவு விரித்த கவராயத்தால் ஆறு புள்ளி வெட்டுங்கள். நடுவில் இருசமவெட்டி போட்டால் பன்னிரண்டு. ஒரு பக்கம் 5.18 செ.மீ. வரும். அளவுகோலில் அரை மில்லிமீட்டர் பிசகு சாதாரணம். ஒரு பக்கத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்கினால் அந்தப் பிசகு 6 மி.மீ. ஆகி, 200 மி.மீ. விட்டத்தால் வகுக்கும்போது 0.03 ஆகிறது. பலகோணத்தின் சொந்தப் பிழையும் 0.036 தான். இருபத்துநான்கு பக்கத்தில் பலகோணப் பிழை 0.009-க்கு இறங்கும், அளவுப் பிழையோ 0.06-க்கு ஏறும். பக்கம் கூடினால் விடை நெருங்கும் என்று காட்டப் போய், மாணவர் கண்முன்னே அது விலகிப் போகும். ஆறும் பன்னிரண்டும் தாளில், அதற்கு மேல் கணக்கில் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

ஒரு இலக்கம் கூடுதலாகக் கிடைக்க எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்?

இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் பிழை நான்கில் ஒன்றாகிறது. ஐந்து முறை இரட்டித்தால் 1024-இல் ஒன்று, அதாவது மூன்று தசம இடம். n பக்கத்தில் உள் பலகோணத்தின் பிழை ஏறக்குறைய 5.17 / n², வெளிப் பலகோணத்தின் பிழை அதன் இரண்டு மடங்கு. வேண்டிய துல்லியத்துக்கு எத்தனை பக்கம் தேவை என்று முன்கூட்டியே இதில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மெதுவான நடையிலேயே நெடுந்தூரம் போனவர்கள் உண்டு. 1424-இல் சமர்க்கந்தில் அல்-காஷி 3 × 2²⁸, அதாவது எண்பது கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் வரை போய் 16 தசம இடம் கண்டார். லுடோல்ஃப் வான் கியூலன் 2⁶² பக்கங்களில் 35 இடம் வரை போனார். அதற்கு வாழ்நாளில் பெரும்பகுதி செலவானது.

பக்கங்களைக் கூட்டாமலே துல்லியம் கூட்ட வழி இல்லையா?

இருக்கிறது. வெளிப் பிழை உள் பிழையின் இரண்டு மடங்கு, அதுவும் எதிர்த்திசையில் என்று பார்த்தோம். அப்படியானால் உள் சுற்றளவை இரண்டு பங்கும் வெளிச் சுற்றளவை ஒரு பங்கும் சேர்த்து மூன்றால் வகுத்தால் பெரும் பிழை அடிபட்டுப்போகும். வெறும் அறுகோணத்திலேயே (2 × 3 + 3.4641) / 3 = 3.1547, பன்னிரண்டு பக்கத்தில் 3.14235, அதாவது 96 பக்க வெளிப் பலகோணத்தைவிட நெருக்கம்.

பாதிப் பாதியாகச் சராசரி எடுப்பவர்கள் இந்த ஆதாயத்தை இழக்கிறார்கள். 96 பக்கத்தில் சாதாரணச் சராசரி 3.14187, ஒன்றுக்கு இரண்டு என்ற பங்கில் 3.14159283.

ஆனால் இந்தக் கலவை π-ஐவிடச் சற்றே பெரியது. இதுவும் மேல் எல்லைதான். கீழ் எல்லைக்கு 3n / (2b + a) என்று போட வேண்டும். 1621-இல் ஸ்னெல் இந்த வகை எல்லைகளைக் கையாண்டார். அவை உண்மையிலேயே எல்லைகள்தான் என்ற நிரூபணத்தை 1654-இல் ஹைகன்ஸ் கொடுத்தார். அறுகோணத்தில் இது 18 / 5.732051 = 3.14024. 96 பக்கத்தில் 3.14159263. ஆர்க்கிமிடீஸ் நின்ற அதே 96 பக்கத்தில் π இப்போது 3.14159263-க்கும் 3.14159283-க்கும் நடுவே. இதைக் கையால் போட்டுப் பார்ப்பவர்கள் a, b-ஐக் குறைந்தது ஒன்பது தசம இடம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கொடுத்த ஆறு இட எண்களில் எட்டாவது இலக்கம் ஆட்டம் காணும்.